()()() என்ற சரத்துக்கு வந்த இரண்டு படங்கள்

கம்பைலர் லேபில் மூன்றாம் ஆண்டு மாணவர்கள் இருவர் சேர்ந்து ஒரு சின்ன வேலையை எடுத்துக்கொண்டார்கள். சமநிலை அடைப்புக்குறிச் சரம் ஒன்றைக் கொடுத்தால் அதன் பார்ஸ் மரத்தை, அதாவது இலக்கண விதிகளால் அந்தச் சரம் எப்படி உருவானது என்பதைக் காட்டும் கிளைகளை, படமாக வரைந்து காட்ட வேண்டும். அவ்வளவுதான். ஒருவர் இலக்கணத்தை எழுதி, அதிலிருந்து பார்சரைத் தானே உருவாக்கித் தரும் பைசன் கருவியிடம் கொடுத்துச் செய்தார். இன்னொருவர் அதே இலக்கணத்தைப் பார்த்துப் பைத்தானில் கையாலேயே பார்சர் எழுதினார். இரண்டு பேரின் படங்களும் ஒத்துப்போனால் வேலை சரி என்பது அவர்களே வைத்துக்கொண்ட சோதனை. நல்ல சோதனைதான். அதுதான் அவர்களை மாட்டியும் விட்டது.

முதலில் அவர்கள் கொண்டுவந்த இலக்கணம் எல்லோரும் முதல் முயற்சியில் எழுதுவதுதான்:

```
S → S S | ( S ) | ε
```

சமநிலைச் சரம் என்றால் என்ன என்று வாயால் சொல்லிப் பார்த்தால் இப்படித்தான் வரும். ஒன்றுமில்லாதது, அதாவது ε, சமநிலை. சமநிலையான ஒன்றைச் சுற்றி அடைப்புப் போட்டாலும் சமநிலை. இரண்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் சமநிலை. மொழியை விவரிக்க இது போதும். பார்ஸ் செய்யத்தான் ஆகாது. S என்பது SS ஆகி, அதில் ஒரு S காணாமல் போகலாம் என்று அனுமதித்துவிட்டோம். அப்படியானால் வெறும் `()` சரத்துக்கே `S ⇒ (S) ⇒ ()` என்று ஒரு மரம், `S ⇒ SS ⇒ (S)S ⇒ ()S ⇒ ()` என்று இன்னொரு மரம், இன்னும் ஒரு S சேர்த்தால் மூன்றாவது மரம் என்று முடிவே இல்லாமல் போகும். ஒவ்வொரு சரத்துக்கும் எண்ணற்ற மரங்கள். ஆம்பிகுவிட்டி என்று வகுப்பில் சொல்வதை இங்கே மயக்கம் என்றே எழுதுகிறேன். இந்த இலக்கணத்தின் மயக்கம் கண்ணுக்கு உடனே தெரிகிற வகை. "இந்த ε வேண்டாம், எடுத்துடுங்க" என்று திருப்பி அனுப்பினேன்.

மறுநாள் கொண்டுவந்தது இது:

```
S → S S | ( S ) | ( )
```

வெற்றுச் சரம் இனி இல்லை. மற்றபடி எல்லாச் சமநிலைச் சரங்களும் வரும். ஒரு ஜோடி, இரண்டு ஜோடி என்று சோதித்துப் பார்த்துவிட்டார்கள். `()` சரி. `(())` சரி. `()()` சரி. ஒவ்வொன்றுக்கும் ஒரே மரம். இரண்டு பார்சர்களின் படமும் அச்சாக ஒன்று. மயக்கம் போய்விட்டது என்று ரெக்கார்டு நோட்டிலும் எழுதியாயிற்று. அப்புறம்தான் யாரோ `()()()` என்று கொடுத்துப் பார்த்திருக்கிறார்கள்.

"சார், ரெண்டு பேர் கோடும் சரியாத்தான் இருக்கு சார். ஆனா படம் மட்டும் ஒத்து வரல."

பைசன் வரைந்த படத்தில் முதல் ஜோடி தனியாக நிற்க, பின்னிரண்டும் ஒரு கிளையில் சேர்ந்திருந்தன. பைத்தான் படத்தில் முன்னிரண்டும் ஒரு கிளை, கடைசி ஜோடி தனி. யார் கோடில் தப்பு என்று இருவரும் அரை மணி நேரம் தேடியிருக்கிறார்கள். யார் கோடிலும் இல்லை. அந்த இலக்கணம் இரண்டு படங்களையுமே சரி என்கிறது:

```
S ⇒ SS ⇒ SSS ⇒ ()SS ⇒ ()()S ⇒ ()()()
S ⇒ SS ⇒ ()S ⇒ ()SS ⇒ ()()S ⇒ ()()()
```

இரண்டுமே இடதுமுனை வருவிப்புகள்தான், அதாவது எப்போதும் இடப்பக்கம் முதலில் நிற்கும் S-ஐயே விரிப்பவை. முதல் வரியில் இரண்டாம் படியிலேயே முதல் S பிளந்துவிடுகிறது. இரண்டாவது வரியில் அது `()` ஆகி முடிந்த பிறகு, அடுத்த S பிளக்கிறது. ஒரே சரத்துக்கு இரண்டு இடதுமுனை வருவிப்புகள் கிடைத்தால் இரண்டு மரங்கள் இருக்கின்றன என்று பொருள்.

இங்கே தேர்வுத்தாள்களில் வருடாவருடம் பார்க்கிற ஒரு பிழையைச் சொல்ல வேண்டும். `()()` சரத்துக்கு ஒரு இடதுமுனை வருவிப்பையும் ஒரு வலதுமுனை வருவிப்பையும் எழுதிவிட்டு, "இரண்டு வழி வந்துவிட்டது, எனவே மயக்கம் உண்டு" என்று முடிப்பார்கள். அது எதையும் காட்டாது. SS என்று வந்த பிறகு எந்த S-ஐ முதலில் விரிக்கிறோம் என்பது நாம் எழுதுகிற வரிசை மட்டும். மரம் மாறுவதில்லை. சந்தேகம் வந்தால் வருவிப்பை விட்டுவிட்டு மரத்தையே வரைந்து பாருங்கள். கிளைகள் வேறாக விழுந்தால்தான் மயக்கம்.

சரி, ஒருவருக்கு வலப்பக்கம் சேர்ந்த மரமும் இன்னொருவருக்கு இடப்பக்கம் சேர்ந்த மரமும் ஏன் வந்தன? பைத்தான் பக்கம் எளிது. அவர் SS விதியை ஒரு லூப்பாக எழுதியிருந்தார்:

```python
def seq():
    t = item()
    while peek() == '(':
        t = ('SS', t, item())
    return t
```

ஒவ்வொரு சுற்றிலும் இதுவரை சேர்ந்ததெல்லாம் இடது கிளையாகி, புதிய ஜோடி வலது கிளையாகிறது. இலக்கணம் விட்ட முடிவை லூப் சத்தமில்லாமல் எடுத்துக்கொண்டது.

பைசன் அப்படிச் சத்தமில்லாமல் இருக்கவில்லை. ஒரு ஷிஃப்ட்/ரெட்யூஸ் கன்ஃப்ளிக்ட் இருக்கிறது என்று எச்சரித்திருக்கிறது. ஸ்டாக்கின் உச்சியில் இரண்டு S இருக்கும்போது அடுத்து `(` வந்தால், இருக்கும் இரண்டையும் ஒன்றாக்குவதா, புதிய அடைப்பை உள்ளே வாங்குவதா என்பதுதான் அந்த ஒரே இடம். முன்னது ரெட்யூஸ், பின்னது ஷிஃப்ட். தானாக முடிவெடுக்க நேர்ந்தால் பைசன் ஷிஃப்டையே தேர்ந்தெடுக்கும். அதனால் பின்னால் வருபவை முதலில் சேர்ந்து, வலப்பக்கம் கனத்த மரம் வந்தது.

எச்சரிக்கை வந்ததே, ஏன் சொல்லவில்லை என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு `%expect 1` என்ற வரியைக் காட்டினார். "அதப் போட்டா வார்னிங் வரல சார்." அந்த வரி கன்ஃப்ளிக்டைத் தீர்ப்பதில்லை. ஒன்று இருக்கும் என்று எனக்கு முன்பே தெரியும், சொல்லாதே என்று பைசனிடம் கேட்டுக்கொள்வது மட்டும்தான். அந்த வரியை எடுத்துவிட்டு `bison -Wcex` என்று ஓட்டச் சொன்னேன். 3.7 பதிப்பிலிருந்து இந்த வசதி உண்டு. முரண்படும் இடத்தில் ஒரு புள்ளி வைத்து, ஒரே சரம் இரண்டு விதமாக எப்படி வருகிறது என்று எடுத்துக்காட்டோடு அச்சிடும். அரை மணி நேரம் தேடியது அதில் ஒரு திரையில் இருந்தது.

எனக்கு இதில் சுவையாகப் பட்டது வேறொன்று. இரண்டு ஜோடி வரை சோதித்தும் ஏன் மாட்டவில்லை? இதற்குக் கைவசம் ஒரு கணக்கு இருக்கிறது. n ஜோடிகள் கொண்ட சமநிலைச் சரங்கள் எத்தனை என்பதைக் கேட்டலான் எண்கள் சொல்லும்: 1, 2, 5, 14, 42. இனி இலக்கணம் n ஜோடிகளுக்கு மொத்தம் எத்தனை மரங்களைத் தருகிறது என்று எண்ணுவோம். வேரில் `( S )` விதி இருந்தால் உள்ளே n−1 ஜோடிகளின் மரம். வேரில் SS இருந்தால் இடது பக்கம் i ஜோடி, வலது பக்கம் n−i ஜோடி. எல்லா i-க்கும் பெருக்கிக் கூட்ட வேண்டும்.

```python
def trees(n):
    t = [0, 1]
    for k in range(2, n + 1):
        t.append(t[k-1] + sum(t[i]*t[k-i] for i in range(1, k)))
    return t[1:]
```

`trees(5)` தருவது 1, 2, 6, 22, 90. கேட்டலான் வரிசையோடு பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒரு ஜோடியில் 1-க்கு 1. இரண்டு ஜோடியில் 2-க்கு 2. மூன்றில்தான் 5 சரங்களுக்கு 6 மரங்கள். அந்த உபரி ஒன்றே ஒன்று, அது `()()()`. மாணவர்கள் சோதனையை நிறுத்திய இடத்துக்கு அடுத்த படியில், ஐந்தில் ஒரே ஒரு சரத்தில் மயக்கம் ஒளிந்திருந்தது. நான்கு ஜோடிகளில் 14 சரங்களுக்கு 22 மரங்கள். உபரி எட்டு எங்கிருந்து வந்தது என்றும் கணக்குச் சொல்ல முடியும். `()()()()` ஒன்றுக்கே ஐந்து மரங்கள், எனவே அதில் நான்கு உபரி. `(())()()`, `()(())()`, `()()(())` மூன்றுக்கும் இரண்டிரண்டு மரங்கள், அதில் மூன்று. `(()()())` உள்ளே பழைய குற்றவாளியே உட்கார்ந்திருப்பதால் இன்னும் ஒன்று.

இதிலிருந்து நோய் எங்கே என்று தெரிகிறது. அடைப்பு எவ்வளவு ஆழமாகப் போனாலும் கோளாறில்லை. `((((()))))` போன்றதற்கு எப்போதும் ஒரே மரம்தான். பக்கத்தில் பக்கத்தில் மூன்று வரும்போதுதான் சிக்கல், ஏனென்றால் SS விதியின் இரண்டு பக்கமும் மீண்டும் பிளக்கலாம். ஒரே வரிசையில் 20 ஜோடிகள் வைத்தால் மரங்களின் எண்ணிக்கை 1,767,263,190. எல்லா மரங்களையும் கொடு என்று கேட்கிற பார்சர் எதையாவது இதன்மேல் ஓட்டினால் லேப் கணினி அன்றைக்கு அவ்வளவுதான்.

இடம் தெரிந்துவிட்டதால் மருந்தும் சுலபம். இரண்டு பக்கமும் பிளக்கலாம் என்ற சுதந்திரத்தில் ஒரு பக்கத்தைப் பூட்ட வேண்டும். இடப்பக்கம் எப்போதும் ஒரே ஓர் அடைப்பு, மீதி எல்லாம் வலப்பக்கம்:

```
S → ( S ) S | ε
```

ε மறுபடி வந்துவிட்டதே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வி. முதல் இலக்கணத்தில் ε கெடுத்தது, SS-இல் ஒரு S மறைந்து பழைய S-ஏ திரும்பக் கிடைத்ததால். இங்கே S மறைந்தாலும் ஒரு ஜோடி அடைப்பு எழுத்தாக நின்றுவிடும். எனவே வெறுமனே சுற்றிக்கொண்டிருக்க முடியாது.

ஆனால் மயக்கம் இல்லை என்பதை எப்படி உறுதிசெய்வது? ஐந்து ஜோடி வரை சோதித்துச் சரியாக இருந்தது என்பது போதாது. நேற்றுத்தான் அதில் அடிபட்டோம். இடமிருந்து வலமாகப் படித்துக்கொண்டே போங்கள். `(` வந்தால் ஒன்று கூட்டுங்கள், `)` வந்தால் ஒன்று கழியுங்கள். இதை உயரம் என்று வைத்துக்கொள்வோம். S தருகிற எந்தச் சரத்திலும் உயரம் சுழிக்குக் கீழே போகாது, முடிவில் சுழியில் நிற்கும். இப்போது வெற்றாக இல்லாத ஒரு சரத்தை எடுங்கள். அது `( S ) S` விதியால்தான் வந்திருக்க வேண்டும். அந்த விதியில் உள்ள `)` சரத்தில் எந்த இடத்தில் இருக்கும்? முதல் `(` உயரத்தை 1 ஆக்கிவிட்டது. உள்ளிருக்கும் S தன்னளவில் சுழிக்குக் கீழே போகாததால், அது முடியும்வரை மொத்த உயரம் 1-க்குக் கீழே இறங்காது. ஆகவே விதியின் `)` தான் உயரம் முதன்முதலாகச் சுழிக்குத் திரும்பும் இடம். அப்படி ஓர் இடம் ஒரு சரத்தில் ஒன்றே ஒன்றுதான் இருக்க முடியும். எங்கே வெட்டுவது என்பதில் தேர்வே இல்லை. வெட்டிய இரண்டு துண்டுகளும் சிறியவை, அவற்றுக்கும் இதே வாதம். எனவே ஒரு சரத்துக்கு ஒரே மரம். எந்தச் சமநிலைச் சரத்தையும் இதே இடத்தில் வெட்டலாம் என்பதால், ஒரு சரமும் விடுபடவில்லை என்பதும் கூடவே நிரூபணமாகிவிடுகிறது.

இதே முடிவுக்கு எண்ணிக்கை வழியாகவும் வரலாம். இந்த இலக்கணத்தின் மரங்களை எண்ணினால், உள்ளே i ஜோடி, பின்னால் n−1−i ஜோடி என்று பெருக்கிக் கூட்டுகிறோம். அது கேட்டலான் எண்களின் வரையறையே. சரமும் அத்தனை, மரமும் அத்தனை, ஒவ்வொரு சரத்துக்கும் குறைந்தது ஒரு மரமாவது உண்டு. அப்படியானால் எதற்கும் இரண்டு இருக்க வழியில்லை. எனக்கு உயர வாதம்தான் பிடிக்கும், பார்சர் எப்படி நடக்கும் என்பதையும் அது காட்டிவிடுவதால். ஆனால் மாணவர்கள் எண்ணிக்கையைத்தான் நம்பினார்கள்.

"அப்போ எந்த இலக்கணத்தக் குடுத்தாலும் மயக்கம் இருக்கா இல்லையான்னு சொல்ற மாதிரி புரோகிராம் எழுதிடலாமே சார்?" என்று பைத்தான்காரர் கேட்டார். எழுத முடியாது. எல்லாச் சூழல் சாரா இலக்கணங்களுக்கும் சரியான விடை சொல்லும் அல்காரிதம் இல்லை என்பது 1962-லேயே, கேன்டர், ஃபிளாய்ட் இருவரின் தனித்தனிக் கட்டுரைகளில் நிரூபிக்கப்பட்டுவிட்டது. சிறிய சரங்களிலிருந்து தொடங்கி எண்ணிக்கொண்டே போனால் மயக்கம் இருக்கும் இலக்கணம் ஒருநாள் மாட்டும். இல்லாத இலக்கணத்துக்கு எங்கே நிறுத்துவது என்று தெரியாது. அதனால்தான் இலக்கணத்துக்கு இலக்கணம் தனியாக ஒரு வாதம் தேட வேண்டியிருக்கிறது.

பைசன் தருகிற உறுதி ஒருவழிப் பாதை. முன்னுரிமை அறிவிப்புகள் எதுவும் போடாமல் ஒரு கன்ஃப்ளிக்டும் வரவில்லை என்றால் மயக்கம் இல்லை என்று எழுதிக் கையெழுத்தே போடலாம். கன்ஃப்ளிக்ட் வந்தால் மயக்கம் உண்டு என்று சொல்ல முடியாது. `S → a S a | b S b | ε` என்ற இலக்கணம் `abba` போன்ற சரங்களைத் தரும். ஒவ்வொன்றுக்கும் ஒரே மரம்தான். ஆனால் நடு எது என்று ஓர் எழுத்து மட்டும் முன்னால் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாததால் பைசன் முரண்படும்.

புதிய இலக்கணத்தைப் போட்டதும் கன்ஃப்ளிக்ட் போயிற்று, படங்களும் ஒத்துப்போயின. பைத்தான்காரர் லூப்பை எடுத்துவிட்டு விதியை அப்படியே ரிகர்ஷனாக எழுதியிருந்தார். அடுத்த வாரம் பெரிய உள்ளீடு கொடுக்கலாம் என்று `()` ஐ 5000 தடவை வரிசையாக அடுக்கி விட்டார்கள். பைத்தான் `RecursionError` என்றது. பைசன் `memory exhausted` என்றது. காரணம் ஒன்றுதான். `( S ) S` விதியில் கடைசி S முடியும்வரை முன்னால் இருக்கும் மூன்றையும் ஸ்டாக்கில் வைத்திருக்க வேண்டும். ஒரு ஜோடிக்கு மூன்று என்றால் 5000 ஜோடிக்கு 15,000. பைசன் ஸ்டாக்கின் இயல்பான உச்சவரம்பு 10,000. ஏறக்குறைய 3300 ஜோடிகளில் நிரம்பிவிடும்.

பைசனுக்கு ஏற்ற வடிவம் மறுபக்கத்தைப் பூட்டுவது: `S → S ( S ) | ε`. இதுவும் அதே மொழி. உயர வாதத்தைக் கடைசியிலிருந்து பின்னோக்கி நடத்தினால் இதற்கும் மயக்கம் இல்லை என்று வந்துவிடும். ஒவ்வொரு ஜோடியும் முடிந்த உடனேயே முன்னால் இருப்பதோடு ஒன்றாகிவிடுவதால் வரிசை எவ்வளவு நீண்டாலும் ஸ்டாக் வளராது. ஆழம்தான் வளர்க்கும், அது தவிர்க்க முடியாதது. ஆனால் கையால் எழுதும் ரிகர்சிவ் பார்சருக்கு இதைக் கொடுத்தால் ஓர் எழுத்துகூடப் படிக்காமல் S தன்னையே கூப்பிட்டுக்கொண்டிருக்கும். ஆகவே பைத்தானில் வலது வடிவம், பைசனில் இடது வடிவம். இரண்டையும் சேர்த்தே போட்டுவிட்டால் என்ன என்று யோசித்தார்கள். `( S ) S`, `S ( S )` இரண்டும் ஒன்றாக இருந்தால் வெறும் `()` சரத்துக்கே இரண்டு மரம். போன மயக்கம் திரும்ப வந்து உட்காரும்.

படங்கள் மறுபடி ஒத்துப்போகவில்லை என்பதைச் சொல்லத் தேவையில்லை. இம்முறை இரண்டு இலக்கணங்களிலும் மயக்கம் இல்லை. ஆனால் அவை வெவ்வேறு இலக்கணங்கள், எனவே வெவ்வேறு மரங்கள். பார்ஸ் மரத்தையே வரைவது என்ற எண்ணத்தை அங்கே கைவிட்டார்கள். ஒவ்வோர் அடைப்பும் ஒரு முனை, அதன் உள்ளே நேரடியாக இருப்பவை அதன் பிள்ளைகள், இடமிருந்து வலமாக ஒரு பட்டியல். இரண்டு பார்சர்களும் இந்தப் பட்டியலைக் கட்டட்டும், அதை வரையலாம். பட்டியலுக்கு இடதுசாய்வு வலதுசாய்வு கிடையாது.

வேலை முடிந்தது என்று நினைத்தபோது ஒரு சின்னத் திருத்தம் வந்தது. உள்ளே ஒன்றுமில்லாத `()` மட்டும் படத்தில் வேறு நிறத்தில் வேண்டும். பைசன்காரர் உடனே ஒரு விதியைச் சேர்த்தார்:

```
S → S ( S ) | S ( ) | ε
```

ஒரு கன்ஃப்ளிக்ட். `(` படித்த பிறகு `)` வந்தால் அதை அப்படியே வாங்குவதா, நடுவில் ஒரு வெற்று S இருப்பதாகக் கொள்வதா? ஒவ்வொரு வெற்று ஜோடிக்கும் இரண்டு வழி. எண்ணிப் பார்க்கச் சொன்னேன். ஒரு ஜோடிக்கு 2, இரண்டுக்கு 6, மூன்றுக்கு 22 மரங்கள். முந்தைய இலக்கணத்தில் பார்த்த அதே எண்கள், ஒரு படி முன்னால் நகர்ந்து வந்து நிற்கின்றன. இதைக் கண்டு அவர்களைவிட எனக்குத்தான் சந்தோஷம்.

பைசன் ஷிஃப்டைத் தேர்ந்தெடுப்பதால் நிறம் சரியாகவே விழுந்தது. "வேலை செய்யுது சார், விட்டுடலாமா?" என்றார். `%expect 1` நினைவுக்கு வந்ததோ என்னவோ, பதிலுக்குக் காத்திராமல் அவரே விதியைப் பிரித்து எழுதிவிட்டார். N என்றால் குறைந்தது ஒரு ஜோடியாவது உள்ள வரிசை, B என்றால் ஓர் அடைப்பு:

```
S → N | ε
N → N B | B
B → ( ) | ( N )
```

வெற்று அடைப்பு இனி ஒரே விதியால்தான் வரும். கன்ஃப்ளிக்ட் இல்லை. மரங்களை மறுபடி எண்ணினார்கள்: 1, 2, 5, 14, 42.